16-ஆ, 31-ஆ? கடைசி நாளைக் கவனியுங்கள்!

வேலையை விட்டு விலகும்போது கையில் வாங்க வேண்டிய கடிதங்கள் இரண்டு. ‘இன்ன தேதியோடு உங்களைப் பணியிலிருந்து விடுவித்துவிட்டோம்’ என்று சொல்வது ரிலீவிங் லெட்டர். ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவியில் இவர் எங்களிடம் வேலை பார்த்தார்’ என்று சொல்வது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிடும். பல ஐ.டி. நிறுவனங்களில் ரிலீவிங் லெட்டர் கடைசி நாளன்றோ அதற்கடுத்த சில நாட்களிலோ வந்துவிடும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரோ சம்பளக் கணக்கை முடித்த பிறகு, சில வாரங்கள் கழித்து மெயிலில் வரும்.

இந்த இடைவெளியில்தான் தகராறு பிறக்கிறது. முதல் கடிதத்தை உங்களை நேரில் தெரிந்த ஹெச்.ஆர். ஒருவர் தயாரித்திருப்பார். இரண்டாவது, உங்கள் முகத்தையே பார்க்காத ஒருவர் கணினிப் பதிவிலிருந்து ஒரே சொடுக்கில் எடுத்த அச்சாக இருக்கும். பதிவில் எந்தத் தேதி கிடந்ததோ, அந்தத் தேதி கடிதத்தில் ஏறிவிடும். நாமும் ‘வந்துவிட்டது’ என்ற நிம்மதியில் முழுதாகப் படிக்காமலேயே புதிய நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

புதிய நிறுவனம் அதைத் தானே உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் செய்வதற்கென்றே இருக்கும் ஏஜென்சிக்கு அனுப்புகிறது. அங்கே இருப்பவருக்கு நீங்கள் நல்லவரா, திறமைசாலியா என்பது கேள்வியே அல்ல. நீங்கள் படிவத்தில் எழுதிய தேதி ஒரு பக்கம், கடிதத்தில் உள்ள தேதி ஒரு பக்கம், பழைய நிறுவனம் பதில் மெயிலில் சொல்லும் தேதி ஒரு பக்கம். மூன்றும் ஒன்றானால் அறிக்கையில் பச்சை. சின்ன வேறுபாடு என்றால் மஞ்சள். பெரிய வேறுபாடு, அல்லது பொய் சொன்னதாகத் தோன்றும் வேறுபாடு என்றால் சிவப்பு. எத்தனை நாள் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் புதிய நிறுவனமே தன் விதிப்படி முடிவு செய்கிறது. எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. வேலையில் சேர்ந்து சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் இந்த அறிக்கை வரலாம் என்பதுதான் பலருக்கும் அதிர்ச்சி தருகிறது.

ஒருவரின் நான்கு தாள்கள்

விஷயம் எப்படிச் சிக்கலாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஓர் இளைஞரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆரில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி 2021 ஜூன் 7. கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கு நேரம். லேப்டாப் கூரியரில் வீட்டுக்கு வரத் தாமதமாகி, அவர் உண்மையில் சேர்ந்தது ஜூன் 14.

2025 மார்ச் 3-ம் தேதி ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். நோட்டீஸ் பீரியட் 90 நாள். கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினால் 90-வது நாள் மே 31. ஹெச்.ஆர். மென்பொருள் தானாகவே அந்தத் தேதியைக் கடைசி நாளாகப் போட்டுக்கொள்கிறது. ஏப்ரலில் புதிய நிறுவனம் ‘மே 19 திங்கட்கிழமை சேர முடியுமா?’ என்று கேட்கிறது. மேனேஜரிடம் பேசுகிறார். வேலையை ஒப்படைத்துவிட்டால் போதும், மே 16 வெள்ளிக்கிழமையோடு கிளம்பலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டு மெயில் போடுகிறார். எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது. கேக் வெட்டுகிறார்கள், ஐ.டி. கார்டை வாங்கிக்கொள்கிறார்கள்.

ரிலீவிங் லெட்டர் வருகிறது: ‘2025 மே 16 அலுவலக நேரம் முடிந்ததும் விடுவிக்கப்படுகிறீர்கள்.’ சரிதான். ஜூலையில் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வருகிறது: ‘2021 ஜூன் 7 முதல் 2025 மே 31 வரை.’ இரு முனையும் தவறு. பி.எஃப். கணக்கிலும் வெளியேறிய தேதி மே 31 என்றே ஏறியிருக்கிறது. புதிய நிறுவனத்தில் பி.எஃப். தொடங்கியதோ மே 19.

இப்போது இந்தத் தாள்களை மட்டும் பார்க்கும் ஒருவர் கண்ணுக்கு என்ன தெரியும்? மே 19 முதல் 31 வரை 13 நாட்கள் இந்த மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்திருக்கிறார். ‘மூன்லைட்டிங்’ என்ற சொல்லைக் கேட்டாலே ஐ.டி. நிறுவனங்கள் உஷாராகிவிடும் காலம் இது. இவர் செய்த தவறு எதுவுமில்லை. ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது இவர்தான்.

எந்தத் தேதி உண்மையான தேதி?

இரண்டு கடிதங்களில் இரண்டு தேதி இருந்தால் நமக்கு வசதியான தேதிதான் சரி என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். கடைசியாக வேலை பார்த்த நாள் ஒன்று. நிறுவனத்தின் பதிவேட்டில் ஊழியராக இருந்த கடைசி நாள் இன்னொன்று. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நோட்டீஸ் பீரியடின் நடுவில் கிளம்பியவருக்கு மட்டும் அவை பிரிந்துபோகலாம்.

நம் இளைஞரின் கணக்கில் மே 17 முதல் 31 வரை 15 நாட்கள் மிச்சம். அந்த 15 நாளை நிறுவனம் மூன்று விதமாகத் தீர்த்திருக்கலாம். ‘வேண்டாம், விட்டுவிடுகிறோம்’ என்று தள்ளுபடி செய்திருக்கலாம். 15 நாள் சம்பளத்தை அவரிடமிருந்து பிடித்திருக்கலாம். பேச்சுவழக்கில் நோட்டீஸ் பை-அவுட் என்பது இதுதான். இந்த இரண்டிலும் அவர் ஊழியராக இருந்தது மே 16 வரைதான். மூன்றாவது வழி வேறு. அவர் கணக்கில் இருந்த ஈட்டிய விடுப்பை அந்த 15 நாளுக்கு ஈடாக வைத்து, விடுப்பில் இருப்பவராகக் காட்டி, மே 31 வரை சம்பளம் கொடுத்திருக்கலாம். அப்படியானால் பதிவேட்டின்படி மே 31 வரை அவர் அந்த நிறுவனத்து ஊழியர். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரின் கடைசித் தேதி அப்போது தவறே அல்ல; மே 19-ல் வேறு இடத்தில் சேர்ந்ததைத்தான் விளக்கியாக வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கடைசிக் கணக்கு முடிக்கும்போது தரும் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் தாளை எடுங்கள். அதில் அந்த மாதத்துக்குச் சம்பளம் போட்ட நாட்களின் எண்ணிக்கை இருக்கும். மே மாதத்துக்கு 16 நாள் என்று இருந்தால் உங்கள் கடைசித் தேதி 16. 31 நாள் என்று இருந்தால், மீதி நாட்களை விடுப்பில் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். விடுப்பைப் பணமாக்கித் தந்த தொகை தனி வரியில் வரும். அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணமாக்கிய விடுப்பு சர்வீஸ் நாட்களைக் கூட்டாது.

எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: கடிதத்தைக் கடிதத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். கடிதம் எழுதும்போது கை தவறலாம். சம்பளம் போட்ட நாள் கணக்கில் அவ்வளவு எளிதில் பிழை வராது, ஏனென்றால் அங்கே பணம் போகிறது.

சேர்ந்த தேதிக்கும் இதே வழிதான். முதல் மாத பே-ஸ்லிப்பில் சேர்ந்த தேதி அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் சம்பளம் கணக்கிட்ட நாட்களாவது இருக்கும். ஜூன் 14-ல் சேர்ந்தவருக்கு ஜூன் மாதத்தில் 17 நாள் சம்பளம். 24 நாள் என்று இருந்தால் 7-ம் தேதியிலிருந்தே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆஃபர் லெட்டர் தேதி என்பது ‘இந்த நாளில் வாருங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே. அது சேர்ந்ததற்குச் சான்று ஆகாது. பயிற்சிக் காலத்திலோ வேறொரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலிலோ இருந்துவிட்டுப் பிறகு நேரடி ஊழியர் ஆனவர்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நேரடியாகச் சேர்த்த நாளிலிருந்துதான் வரும். அதற்கு முந்தைய காலத்துக்கான சான்றை அந்த ஏஜென்சியிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே அலுவலகம், ஒரே நாற்காலி என்றாலும் தாளில் அவை இரண்டு வேலைகள்.

தேதி எழுதும் முறையையும் பாருங்கள். அமெரிக்கத் தலைமையகம் உள்ள நிறுவனங்களில் மென்பொருள் மாதத்தை முதலில் போடும். 03/07/2022 என்று ஒரு கடிதத்தில் இருந்தால் அது மார்ச் 7-ஆ, ஜூலை 3-ஆ? நாளின் எண் 12-க்கு மேல் இருந்தால் படிப்பவரே ஊகித்துக்கொள்வார். 12-க்குள் இருந்துவிட்டால் நான்கு மாத அனுபவம் கூடவோ குறையவோ செய்யும். மாதத்தை எழுத்தில் போட்டுத் தரும்படி கேட்பது தவறே இல்லை.

விசிட்டிங் கார்டில் ஒரு பதவி, பதிவேட்டில் ஒரு பதவி

தேதிப் பிழைக்கு நிறுவனம் பொறுப்பு என்றால், பதவிப் பிழையில் நமக்கும் பங்கு உண்டு. நம் இளைஞர் சேரும்போது பயிற்சிப் பொறியாளர். ஓராண்டு கழித்து சாஃப்ட்வேர் இன்ஜினீயர். 2023-ல் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். கடைசி ஒன்றரை ஆண்டு ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தியதால், வாடிக்கையாளர் கூட்டங்களில் அவரை டெக் லீட் என்றே அழைத்தார்கள். ரெஸ்யூமேயிலும் லிங்க்டுஇன் பக்கத்திலும் டெக் லீட் என்று போட்டுக்கொண்டார்.

பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் டெக் லீட் என்ற சொல்லே கிடையாது. ஏஜென்சி கேட்டால் ஹெச்.ஆர். சொல்லப் போவது ‘சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்’ என்பதைத்தான். அந்தக் குழுவை அவர் நடத்தியது உண்மை. ஆனாலும் அறிக்கையில் ‘பதவியை உயர்த்திச் சொன்னார்’ என்று வரும். புராஜெக்ட்டில் செய்த பங்கு வேறு, நிறுவனம் கொடுத்த பதவி வேறு. ரெஸ்யூமேயில் பதவிக்கான இடத்தில் கடிதத்தில் உள்ள பெயரையே போட்டுவிட்டு, செய்த வேலையை விளக்கும் வரியில் குழுவை நடத்தியதை எழுதினால் இரண்டுமே நிற்கும்.

நிறுவனத்தின் பக்கம் நேரும் பிழை வேறு மாதிரி. பதவி உயர்வுக் கடிதம் 2023 ஜூனில் கையில் வந்திருக்கும். ‘ஏப்ரல் 1 முதல் அமல்’ என்று உள்ளே இருக்கும். பதிவேட்டில் அது ஏறாமலே போயிருந்தால், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் இன்னும் உங்களைப் பழைய பதவியிலேயே வைத்திருக்கும். அல்லது பதவிப் பெயருக்குப் பதில் உள்கிரேடின் பெயர் அச்சாகியிருக்கும். வெளியே இருப்பவருக்கு அது என்னவென்றே புரியாது. இந்த இரண்டு நேரத்திலும் உங்கள் கையில் இருக்க வேண்டியது பதவி உயர்வுக் கடிதம். அலுவலக மெயிலில் மட்டும் அதை வைத்திருந்தவர்கள் கடைசி நாளோடு அதை இழந்துவிடுகிறார்கள். உங்கள் பெயரில் வந்த நியமன, உயர்வுக் கடிதங்கள், பே-ஸ்லிப்புகள், படிவம் 16 ஆகியவற்றை ராஜினாமா செய்யும் வாரத்திலேயே ஹெச்.ஆர். போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வேலை சம்பந்தப்பட்ட கோப்புகளைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒருவருக்கு ஆதாரில் முன்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர், கடிதத்தில் பின்னால் இனிஷியல் என்று இருப்பது சாதாரணம். தேதி அளவுக்கு இது பெரிய தலைவலி இல்லை. ஆனாலும் மெயில் எழுதும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

கடிதம் திருந்தினால் போதாது

பிழையைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்துச் செய்வது, ஹெச்.ஆரில் இருக்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ‘கொஞ்சம் மாற்றிக் கொடேன்’ என்பது. அவரும் டெம்ப்ளேட்டில் தேதியை மாற்றி, புதிதாக ஒன்று அனுப்பிவிடுவார். கடிதம் சரியாகிவிட்டது. பதிவேடு அப்படியே இருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஏஜென்சி கேட்கும்போது பதிலளிப்பவர் பதிவேட்டைப் பார்த்து மே 31 என்றே சொல்வார். இப்போது நிலைமை முன்பைவிட மோசம்: கடிதத்தில் 16, நிறுவனம் சொல்வது 31. கடிதத்தை நீங்களே திருத்தினீர்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

அதனால் முறையான மெயில் வேண்டும். உங்கள் சொந்த மெயில் ஐ.டி.யிலிருந்து ஹெச்.ஆரின் பொது முகவரிக்கு அனுப்புங்கள். எம்ப்ளாயி நம்பர், கடிதத்தின் குறிப்பு எண், அதில் உள்ள தேதி, இருக்க வேண்டிய தேதி, அதற்கான ஆதாரம் ஆகிய ஐந்தும் முதல் நான்கு வரிக்குள் வந்துவிட வேண்டும். மேனேஜர் ஒப்புதல் தந்த மெயில், ரிலீவிங் லெட்டர், கடைசி செட்டில்மென்ட் தாள் ஆகியவற்றை இணையுங்கள். கேட்க வேண்டியது இரண்டு: திருத்திய கடிதம் ஒன்று, பதிவேட்டிலும் பி.எஃப். கணக்கிலும் அதே தேதியை ஏற்ற வேண்டும் என்பது மற்றொன்று. ‘முந்தைய கடிதத்துக்குப் பதிலாக இது’ என்ற ஒரு வரி புதிய கடிதத்தில் இருந்தால் பழைய பிரதி எங்காவது தலைகாட்டினாலும் பயமில்லை. ஹெச்.ஆரின் பதில் மெயிலைப் பத்திரமாக வையுங்கள். திருத்திய கடிதம் வரத் தாமதமானால் அந்த ஒரு மெயிலே உங்களைக் காப்பாற்றும்.

பி.எஃப். பக்கத்தை நீங்களே பார்க்கலாம். யு.ஏ.என். எண்ணோடு உறுப்பினர் தளத்தில் நுழைந்து View பகுதியில் Service History-யைத் திறந்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் வரிசையாகத் தெரியும். பல ஏஜென்சிகள் இப்போது இதைத்தான் முதலில் கேட்கின்றன. பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமலேயே விட்டிருந்தால், 2020 முதல் உறுப்பினரே Manage பகுதியில் உள்ள Mark Exit வழியாக அதைப் பதிவு செய்ய முடியும். நிறுவனத்தின் கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பிறகே இந்த வழி திறக்கும். கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் எந்தத் தேதியையும் கொடுக்கலாம். அதனால் ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ள தேதியையே கொடுங்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால் அதே இடத்தில் திருத்த முடியாது. தவறான தேதி ஏற்கெனவே ஏறியிருந்தால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற கூட்டு விண்ணப்பம்தான் வழி. இரண்டு நிறுவனங்களின் காலம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் பணத்தை மாற்றும் கோரிக்கையைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2025 மே மாதம் தன் அலுவலகங்களுக்கு அறிவுறுத்தியது. அது பணத்தை மாற்றுவதற்கான சலுகை மட்டுமே. வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சியை அது கட்டுப்படுத்தாது.

திருத்தம் கிடைக்காவிட்டால்

பழைய நிறுவனம் பதிலே போடாது, அல்லது மூடப்பட்டிருக்கும், அல்லது வேறொரு நிறுவனத்தோடு இணைந்து பெயரே மாறியிருக்கும். அப்போது செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து தேதியை நாமே மாற்றுவது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது இந்த ஆசை அதிகமாக வரும். ‘உண்மையான தேதியைத்தானே போடுகிறேன்’ என்று தோன்றும். ஆனால் நிறுவனத்தின் பெயரில் உள்ள தாளை நாம் திருத்திக் கொடுத்தால் அது போலி ஆவணம் என்ற கேள்விக்குள் போய்விடும். எழுத்துப் பிழையாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் வேலையைப் பறித்துவிடும்.

மாறாக, பிழையோடு இருக்கும் கடிதத்தையே கொடுங்கள். கூடவே ஒரு பத்தி எழுதுங்கள்: ‘எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் கடைசித் தேதி மே 31 என்று உள்ளது. என்னை விடுவித்தது மே 16. ரிலீவிங் லெட்டர், 16 நாள் சம்பளம் காட்டும் செட்டில்மென்ட் தாள், மேனேஜரின் மெயில் ஆகியவற்றை இணைத்துள்ளேன். திருத்தம் கேட்டு அனுப்பிய மெயிலும் உள்ளது.’ ஏஜென்சி கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்த பிறகு நீங்கள் சொன்னால் அது சமாளிப்பாகத் தெரியும். வெரிஃபிகேஷன் படிவத்தில் தேதிகளை நினைவிலிருந்து எழுதாமல், சம்பளத்தோடு ஒத்துப்போகும் தேதியைப் பார்த்து எழுதுங்கள். புதிய நிறுவனத்தின் பி.எஃப். படிவம் 11-லும் முந்தைய வேலையை விட்ட தேதியைக் கேட்பார்கள். இரண்டு படிவத்திலும் ஒரே தேதி இருக்கட்டும்.

ஹெச்.ஆர். துறையில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நாள் முன் அதன் வரைவை விலகுபவரின் சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பெயர் ஆகிய நான்கையும் அவரே படித்து ‘சரி’ என்று பதில் போடட்டும். உங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. நீங்கள் அதைச் செய்யாமல் விட்டால், உங்களிடம் நான்கு வருடம் உழைத்துவிட்டுப் போனவர் புதிய இடத்தில் முதல் சம்பளம் வாங்கும் மாதத்திலேயே தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.